மூன்று சென் எந்தக் கணக்கில்? மலேசிய இறக்குமதியாளரின் முன்பேர ஒப்பந்தமும் அதன் கணக்கியல் வரலாறும்

செமினியில் சீருடை தைக்கும் சிறிய ஆலை ஒன்று ஈரோட்டிலிருந்து துணி தருவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆலை கற்பனை. அதன் எண்கள் கணக்குப் போட வசதியாக நான் அமைத்தவை. 2023ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நிலவிய விகிதங்களை ஒட்டியவை. டிசம்பர் 1ஆம் தேதி துணி கைக்கு வருகிறது. விலைச்சீட்டு 100,000 அமெரிக்க டாலருக்கு. பிப்ரவரி 28க்குள் கட்டவேண்டும். அன்றைய உடனடி விகிதம் ஒரு டாலருக்கு 4.70 ரிங்கிட். மூன்று மாதத்தில் டாலர் ஏறிவிட்டால் தையல் கூலியில் மிஞ்சிய காசெல்லாம் அதில் போய்விடும் என்று முதலாளிக்குப் பயம். வங்கியை அழைக்கிறார். பிப்ரவரி 28 அன்று 100,000 டாலரை 4.67க்குத் தருவதாக வங்கி ஒப்புக்கொள்கிறது. இதுதான் முன்பேர ஒப்பந்தம். வணிகர்கள் பேச்சில் ‘ஃபார்வர்ட் எடுப்பது’.

பிப்ரவரி 28 அன்று டாலர் எங்கே நின்றாலும் ஆலையின் கையிலிருந்து போவது 467,000 ரிங்கிட்தான். வணிகமாகப் பார்த்தால் கதை இங்கேயே முடிந்தது. கணக்கேட்டில்தான் தொடங்குகிறது. துணியின் கொள்முதல் விலை 470,000 ரிங்கிட்டா, 467,000 ரிங்கிட்டா? இடையிலுள்ள 3,000 ரிங்கிட், அதாவது டாலருக்கு 3 சென், எந்தப் பெயரில், எந்த ஆண்டின் லாபத்தில் சேரும்? ஐம்பது ஆண்டுகளில் மலேசியக் கணக்கியல் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைச் சொல்லியிருக்கிறது. அந்த விடைகளின் வரிசையையே இக்கட்டுரை பின்தொடர்கிறது.

முதலில் அந்த 3 சென் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவது நல்லது. டாலர் இறங்கும் என்று வங்கி கணித்ததால்தான் குறைந்த விலை சொன்னது என்று பலர் நினைக்கிறார்கள். முன்பேர விலையில் கணிப்பு ஏதுமில்லை. வங்கி இன்றைக்கே ரிங்கிட் கொடுத்து டாலர் வாங்கி, மூன்று மாதம் வட்டிக்குப் போட்டு வைத்துக்கொள்கிறது. அப்போது, 2023 மே முதல், பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி 3 விழுக்காடாக இருந்தது. அதே ஆண்டு ஜூலைக்குப் பிறகு அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 5.25 முதல் 5.50 விழுக்காடாக இருந்தது. டாலரை வைத்திருப்பதால் வங்கிக்குக் கூடுதல் வட்டி கிடைக்கிறது. அந்த ஆதாயத்தை வாடிக்கையாளருக்கு விலைக் குறைப்பாகத் திருப்பித் தருகிறது, தன் பங்கைக் கழித்துக்கொண்டு. ஆகவே அந்த 3 சென் இரண்டு நாட்டு வட்டிகளுக்கு இடையிலான இடைவெளி. எந்தப் பக்கம் வட்டி அதிகம் என்பதைப் பொறுத்து இது இறக்குமதியாளருக்கு ஆதாயமாகவும் இருக்கலாம், செலவாகவும் இருக்கலாம்.

செலவாக இருந்த காலத்துக்கு 1998 நல்ல சான்று. அந்த ஆண்டு பிப்ரவரியில் பேங்க் நெகாரா தன் மூன்று மாத வட்டியை 11 விழுக்காட்டுக்கு உயர்த்தியது. அமெரிக்க வட்டி ஏறத்தாழ ஐந்தரை. உடனடி விகிதம் 3.80 என்று கொண்டால் மூன்று மாத முன்பேரத்துக்கு டாலருக்கு 5 சென் கூடுதலாகக் கொடுத்தாகவேண்டும். அதே 100,000 டாலர் கடனுக்கு, ரிங்கிட் ஒரு சென்கூட நகராவிட்டாலும், 5,000 ரிங்கிட் செலவு.

இப்படியொரு தேவையே இல்லாத நெடுங்காலம் அதற்கு முன்பு இருந்தது. 1906இல் நீரிணைக் குடியேற்றங்களின் டாலர் இரண்டு ஷில்லிங் நான்கு பென்ஸ் என்று பவுண்டுடன் பிணைக்கப்பட்டது. அந்தப் பிணைப்பு நாணயத்தின் பெயர்கள் மாறிய பிறகும் அறுபது ஆண்டுகள் தொடர்ந்தது. லண்டனிலிருந்து சரக்கு தருவித்த கோலாலம்பூர் வணிகருக்குப் பவுண்டுக் கடன் உள்ளூர்க் கடன் போலத்தான். 1967 நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பைக் குறைத்தது. அதே ஆண்டு ஜூனில் வெளியான புதிய மலேசிய டாலர் அசையவில்லை. ஆனால் மக்கள் கையிலிருந்த பழைய நோட்டுகள் பவுண்டோடு சேர்ந்து இறங்கி, நூறுக்கு 85 மட்டுமே பெறும் என்றாயிற்று. பினாங்கில் அது கடையடைப்பாகவும் கலவரமாகவும் வெடித்தது. நாணய இடர் என்பதைச் சாதாரண மக்கள் நேரடியாக அறிந்த முதல் தருணங்களில் அது ஒன்று. 1972இல் பவுண்டு மிதக்கவிடப்பட்டதும் மலேசியா அமெரிக்க டாலர் பக்கம் திரும்பியது. 1973 ஜூனில் தன் நாணயத்தையும் மிதக்கவிட்டது. மலேசிய இறக்குமதியாளருக்கு முன்பேர ஒப்பந்தம் உண்மையில் தேவைப்படத் தொடங்கியது அதன் பிறகே.

தேவை வந்து பத்தாண்டு கழித்து எழுத்து விதி வந்தது. 1983இல் வெளியான பன்னாட்டுக் கணக்கியல் நியமம் 21 இரண்டு வழிகளைக் காட்டியது. முதல் வழியில் கடனை உடனடி விகிதத்தில் பதியவேண்டும். முன்பேர விகிதத்துக்கும் உடனடி விகிதத்துக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பந்தக் காலம் முழுவதும் பரப்பி லாப நட்டக் கணக்கில் சேர்க்கவேண்டும். நம் ஆலைக்கு மாதம் 1,000 ரிங்கிட் வரவு. இரண்டாவது வழி குறுகிய காலக் கடன்களுக்கு: ஒப்பந்த விகிதத்திலேயே எல்லாவற்றையும் பதிந்துவிடலாம். துணியும் 467,000, கடனும் 467,000. நடுவில் ஆண்டு இறுதி வந்தாலும் மறுமதிப்பீடு கிடையாது. 3 சென் துணியின் விலைக்குள் ஒளிந்துகொள்ளும்.

மலேசிய நிறுவனங்களின் மனம் கவர்ந்தது இந்த இரண்டாவது வழியே. 1993இல் நியமம் 21 திருத்தப்பட்டபோது முன்பேர ஒப்பந்தம் பற்றிய அந்தப் பகுதி அதிலிருந்து நீங்கியது; பெரும்பாலான இடர்காப்புக் கணக்கியல் வேறொரு நியமத்துக்கென ஒத்திவைக்கப்பட்டது. ஆனாலும் 2000ஆம் ஆண்டு தொடங்கி ஒன்பது, பத்து ஆண்டுகளுக்கு மலேசிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்பக் கண்ணில் படும்: வெளிநாட்டு நாணயக் கடன்கள் ஆண்டு இறுதி விகிதத்தில் மாற்றப்படும், முன்பேர ஒப்பந்தத்தால் காக்கப்பட்டவை மட்டும் ஒப்பந்த விகிதத்தில் மாற்றப்படும் என்ற பொருளில். ஒப்பந்தம் ஐந்தொகையில் இடம்பெறாது. பின்குறிப்பில் தொகையும் முதிர்வு நாளும் இருக்கும். காக்கப்பட்ட கடனும் காக்கும் ஒப்பந்தமும் ஒரே எண்ணாகிவிட்ட பிறகு, லாபத்தை நட்டத்தோடு பொருத்தும் வேலையே எழவில்லை. கணக்கருக்கு இதைவிட நிம்மதியான முறை வேறில்லை.

அந்த நிம்மதி முன்பேரம் எடுத்தவர்களுக்கு மட்டுமே என்பதை 1997 காட்டிக்கொடுத்தது. ஆண்டின் நடுவில் 2.50 அளவில் இருந்த டாலர் 1998 ஜனவரியில் ஒருகட்டத்தில் 4.88ஐத் தொட்டது. முன்பேரம் எடுக்காமல் டாலர் கடன் வைத்திருந்தவர்களுக்குக் கடன் ஏறத்தாழ இரு மடங்கு. அப்போது அவர்களின் கண் விழுந்தது நியமம் 21இன் 1993 வடிவத்திலிருந்த ஒரு சலுகையின் மேல். நாணயம் கடுமையாகச் சரிந்து, அதற்கு எதிராக இடர்காப்புச் செய்ய நடைமுறை வழியே இல்லாதிருந்தால், அண்மையில் வாங்கிய சொத்துக்கான கடனில் ஏற்பட்ட நட்டத்தை அந்தச் சொத்தின் விலையோடு சேர்க்கலாம் என்றது அது. லாப நட்டக் கணக்கைத் தொடவேண்டியதில்லை. ‘வழியே இல்லாதிருந்தால்’ என்பதற்கு எல்லை எது? 1998இல் வந்த விளக்கவுரை, வரிசையில் 11ஆவது, கதவை ஏறக்குறைய மூடியது. சரிவுக்கு முன்பு கடனை அடைத்திருக்கவோ, இடர்காப்புச் செய்திருக்கவோ முடிந்தது என்றால் சலுகை இல்லை என்றது. ரிங்கிட்டுக்கு முன்பேரச் சந்தை இருந்தது. 1997 ஆகஸ்டில் வெளிநாட்டவருடனான வணிகம் சாராத ரிங்கிட் மாற்றுப் பரிமாற்றங்களுக்கு பேங்க் நெகாரா வரம்பு விதித்தபோதும் வணிகத் தேவைக்கான இடர்காப்பை அது தடுக்கவில்லை. ஃபார்வர்ட் எடுத்திருக்கலாமே, ஏன் எடுக்கவில்லை என்ற கேள்வி அன்றிலிருந்து கணக்கியல் கேள்வியும் ஆயிற்று. 2003 திருத்தத்தில் அந்தச் சலுகையே நீக்கப்பட்டது.

பிறகு வந்தது ஒரு விசித்திரமான அமைதி. 1998 செப்டம்பரில் ரிங்கிட் 3.80இல் கட்டப்பட்டது. 2005 ஜூலை 21 வரை, ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், டாலர் கடனில் மாற்று லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. யென்னிலோ பவுண்டிலோ வாங்கியவர்களுக்கே அந்தக் கவலை. உலகின் மற்ற பகுதிகளில் கணக்கர்கள் இடர்காப்பு பற்றிப் பெரிதாக வாதிட்டதும் இதே ஆண்டுகளில்தான். அமெரிக்க நியமம் 133 1998இல் வந்தது. பன்னாட்டு நியமம் 39 அதே ஆண்டு டிசம்பரில் வெளியாகி 2001இல் நடைமுறைக்கு வந்தது. மலேசியா அதை எஃப்.ஆர்.எஸ். 139 என்ற பெயரில் எடுத்துக்கொண்டாலும் கட்டாயமாக்கியது 2010 ஜனவரி 1 முதல். இந்த ஒன்பது ஆண்டுத் தாமதத்துக்கு டாலர் அசையாமல் நின்றதும் ஒரு காரணம் என்பது என் ஊகம். வலி இல்லாதவர் மருந்துக்கு அவசரப்படுவதில்லை.

2010இல் மாறியது என்ன? முன்பேர ஒப்பந்தம் பின்குறிப்பிலிருந்து ஐந்தொகைக்குள் வந்தது. ஒவ்வொரு அறிக்கை நாளிலும் அதன் நியாய மதிப்பைக் கணக்கிட்டு, மாற்றத்தை லாப நட்டத்தில் சேர்க்கவேண்டும். கடனையும் தனியாக அன்றைய உடனடி விகிதத்தில் மறுமதிப்பிடவேண்டும். ஒன்றாயிருந்த எண் இரண்டாகப் பிரிந்தது. இனி அவை பொருந்துகின்றனவா என்று பார்த்தே ஆகவேண்டும்.

நம் ஆலையில் பார்க்கலாம். டிசம்பர் 31 அன்று உடனடி விகிதம் 4.60, பிப்ரவரி 28க்கான முன்பேர விலை 4.58. கடன் 470,000இலிருந்து 460,000 ஆகிறது. 10,000 ரிங்கிட் லாபம். ஒப்பந்தமோ 4.67க்கு வாங்கக் கட்டுப்பட்டிருக்கிறது; சந்தையில் 4.58க்கே கிடைக்கிறது. 9,000 ரிங்கிட் நட்டம். (இரண்டு மாதத்துக்கான தள்ளுபடியை இங்கே விட்டுவிடுகிறேன், தொகை சிறியது.) இந்த ஆண்டுக்கு நிகர லாபம் 1,000. பிப்ரவரி 28 அன்று டாலர் 4.76க்கு ஏறிவிட்டது. கடன் 476,000, 16,000 நட்டம். ஒப்பந்தத்தின் மதிப்பு 9,000 நட்டத்திலிருந்து 9,000 லாபத்துக்குத் தாவுகிறது, 18,000 லாபம். நிகரம் 2,000. இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து 3,000. டாலர் பத்து சென் இறங்கிப் பதினாறு சென் ஏறிய பின்னும் மிஞ்சியது அந்த 3 சென் மட்டுமே. அதுவும் 1,000, 2,000 என்று, 1983 நியமத்தின் முதல் வழி சொன்ன அதே அளவில் பிரிந்திருக்கிறது. வட்டி இடைவெளி நடுவில் மாறியிருந்தால் இந்தப் பிரிவு சற்று விலகும், மொத்தம் விலகாது.

ஆக, ஏற்கெனவே ஏட்டில் ஏறிவிட்ட கடனுக்குத் தனியாக இடர்காப்புக் கணக்கியல் எதுவும் தேவையில்லை. இரண்டு மறுமதிப்பீடுகளும் ஒரே லாப நட்டக் கணக்கில் விழுவதால் தாமாகவே ஈடுகட்டிக்கொள்கின்றன. இதை அறியாமல் நிர்வாகத்திடம் கட்டுக் கட்டாக ஆவணம் கேட்பது வீண் வேலை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பல இறக்குமதியாளர்கள் சரக்கு வந்த பிறகு ஃபார்வர்ட் எடுப்பதில்லை. ஆர்டர் கொடுத்த அன்றே எடுத்துவிடுகிறார்கள். அதே ஆலை டிசம்பர் 1 அன்று ஆர்டர் மட்டும் கொடுத்தது, துணி ஜனவரி 31 அன்றுதான் வந்தது என்று மாற்றிக்கொள்வோம். டிசம்பர் 31 அன்று ஒப்பந்தத்தில் 9,000 ரிங்கிட் நட்டம் நிற்கிறது. எதிரே வைக்கக் கடன் இல்லை. துணி வராமல் கடன் ஏட்டில் ஏறாது. ஆர்டர் என்ற வாக்குறுதி மலிவாகியிருப்பது உண்மை; ஆனால் வாக்குறுதியை ஐந்தொகை காண்பதில்லை. ஒரு பக்கம் மட்டும் தெரியும் தராசு போல இந்த ஆண்டு லாபம் 9,000 குறைந்து, அடுத்த ஆண்டு காரணமின்றி வீங்கும். இடையில் வங்கிக்கடனைப் புதுப்பிக்கப் போகும் முதலாளிக்கு அந்தக் குறைவு உண்மையான தொல்லை.

இடர்காப்புக் கணக்கியல் இந்த இடைவெளிக்காக உருவானது. ஒப்பந்தத்தைக் குறிப்பிட்ட ஆர்டருக்கான பணப்பாய்ச்சல் காப்பு என்று தொடக்க நாளிலேயே எழுத்தில் வைத்தால், 9,000 நட்டம் லாப நட்டத்துக்குப் போகாமல் இதர விரிவான வருமானம் வழியாக ஒரு தனி ஒதுக்கத்தில் தங்கும். ஜனவரி 31 அன்று துணி வருகிறது. உடனடி விகிதம் 4.73, ஒரு மாத முன்பேரம் 4.72. ஒப்பந்தம் இப்போது 5,000 ரிங்கிட் லாபத்தில். ஒதுக்கமும் அதற்கேற்ப 5,000 வரவுக்கு மாறுகிறது. இன்றைய எம்.எஃப்.ஆர்.எஸ். 9இன்படி அந்த 5,000ஐ எடுத்துத் துணியின் விலையில் கழிக்கவேண்டும். 473,000 என்று பதிந்த துணி 468,000 ஆகிறது. அதன் பிறகு கடன் ஏட்டில் இருப்பதால் பழைய முறையே போதும்: பிப்ரவரி 28க்குள் கடனில் 3,000 நட்டம், ஒப்பந்தத்தில் 4,000 லாபம், நிகரம் 1,000. துணியின் 468,000இல் அந்த 1,000ஐக் கழித்தால் கையிலிருந்து போன 467,000. ஒதுக்கத்தில் தங்கிய தொகை துணி விற்கும்போது விற்பனைச் செலவின் வழியே வெளிவருகிறது. காக்கப்பட்ட பொருள் லாபத்தைத் தொடும் அதே காலத்தில் காப்பின் விளைவும் தொடுகிறது.

தொடக்க நாளிலேயே என்ற நிபந்தனையில்தான் பலரும் சறுக்குகிறார்கள். ஆண்டு இறுதியில் நட்டம் தெரிந்த பிறகு டிசம்பர் 1 தேதியிட்டு ஆவணம் தயாரிப்பது இடர்காப்பு அல்ல. வேண்டியதைத் தேர்ந்தெடுத்துக் காட்டும் தந்திரம். எஃப்.ஆர்.எஸ். 139 இன்னொரு தடையும் வைத்திருந்தது: ஈடுகட்டல் 80 முதல் 125 விழுக்காட்டுக்குள் இருக்கவேண்டும். 2018 முதல் நடைமுறையிலுள்ள எம்.எஃப்.ஆர்.எஸ். 9 அந்த எண்ணைக் கைவிட்டு, இரண்டுக்கும் பொருளாதாரத் தொடர்பு உண்டா என்று கேட்கிறது. நம் 3 சென்னுக்கும் அது ஒரு வழி திறந்துவிட்டது. ஒப்பந்தத்தின் உடனடிப் பகுதியை மட்டும் காப்பாகக் குறித்து, முன்பேரப் பகுதியைத் தனியாகப் பிரித்து, கால அடிப்படையிலானது என்றால் காலத்தில் பரப்பலாம். கொள்முதலோடு தொடர்புடையது என்றால் சரக்கின் விலையில் சேர்க்கலாம். 1983இன் இரண்டு வழிகளும் முப்பது ஆண்டு கழித்து வேறு உடையில் திரும்பியிருக்கின்றன.

செமினி ஆலை போன்ற தனியார் நிறுவனங்கள் இந்த வரிசையில் பின்னால் வந்தன. பட்டியலிட்ட நிறுவனங்கள் 2010இல் மாறியபோதும் சிறிய சென்டிரியான் பெர்ஹாட்டுகள் பழைய நியமங்களிலேயே தொடர முடிந்தது. ஒப்பந்த விகிதப் பதிவும் அங்கே உயிரோடு இருந்தது. எம்.பி.இ.ஆர்.எஸ். என்ற தனி நியமத் தொகுப்பு 2016 ஜனவரி 1 முதல் வந்ததும் அவையும் முன்பேரத்தை நியாய மதிப்பில் காட்டவேண்டியதாயிற்று. நேரம் இரக்கமற்றது. 2014 நடுவில் 3.20 அருகே இருந்த டாலர் அப்போது 4.30ஐ நெருங்கியிருந்தது. இடர்காப்புக் கணக்கியலை இந்தத் தொகுப்பும் அனுமதிக்கிறது, கட்டாயமாக்கவில்லை.

ஈரோட்டுப் பக்கம் இதே விலைச்சீட்டு வேறு முறையில் பதிவாகலாம். இந்தியாவின் கணக்கியல் நியமம் 11, 2003 திருத்தத்தின்படி, 2004 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. ‘இண்ட் ஏஎஸ்’ வளையத்துக்கு வெளியே உள்ள நிறுவனங்கள் இன்றும் இதைத்தான் பின்பற்றுகின்றன. டாலர் வரவைக் காக்க முன்பேரம் எடுத்த துணி விற்பவர், முன்பேரத்துக்கும் உடனடிக்கும் உள்ள வேறுபாட்டை ஒப்பந்தக் காலம் முழுக்கப் பரப்பி எழுதுகிறார். ஒப்பந்தத்தை நியாய மதிப்பிட வேண்டியதில்லை. 1983இன் முதல் வழி அங்கே இன்னும் சட்டம். ஆனால் ஏட்டில் ஏறாத ஆர்டருக்கு எடுத்த ஒப்பந்தம் என்றால் அந்த விதி பொருந்தாது. 2016 ஏப்ரல் முதல் அமலான வேறொரு வழிகாட்டுக் குறிப்பின்படி நியாய மதிப்பு வந்துவிடும். விற்பவரும் வாங்குபவரும் ஒரே துணிக்காக வெவ்வேறு முறையில் வட்டி இடைவெளியை எழுதிக்கொண்டிருப்பார்கள்.

பொருத்தம் கெட்டுவிட்டதா என்று கண்டுபிடிக்கும் வழி இந்த வரலாற்றிலேயே இருக்கிறது. முடிந்துபோன ஒவ்வொரு ஒப்பந்தத்துக்கும், கடனின் மொத்த லாப நட்டத்தையும் ஒப்பந்தத்தின் மொத்த லாப நட்டத்தையும் கூட்டிப் பார்க்கவேண்டும். சரக்கு வந்த பின் எடுத்த ஒப்பந்தம் என்றால் மிச்சம் தொடக்க நாளின் முன்பேர வேறுபாட்டைத் தொகையால் பெருக்கியதற்குச் சமமாக இருக்கவேண்டும். நம் ஆலைக்கு 3,000. வேறாக இருந்தால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று நடந்திருக்கும். கடனை ஒப்பந்த விகிதத்திலேயே வைத்துவிட்டு ஒப்பந்தத்தை மட்டும் நியாய மதிப்பிட்டிருப்பார்கள். பழைய பழக்கத்தின் எச்சம் இது, லாபம் இரட்டிப்பாகத் தெரியும். அல்லது கப்பல் தாமதித்ததால் ஒப்பந்தம் முதிர்ந்த நாளில் கட்டணம் நடக்கவில்லை. வங்கி பழையதைத் தீர்த்துப் புதியதொன்றை எழுதியிருக்கும், அந்தத் தீர்வுத் தொகை ‘வங்கிக் கட்டணம்’ என்ற தலைப்பில் போய் உட்கார்ந்திருக்கும். அல்லது ஆர்டர் குறைக்கப்பட்டு, 100,000 டாலர் ஒப்பந்தத்துக்கு எதிரே 70,000 டாலர் கடன் மட்டுமே நின்றிருக்கும். மீதி 30,000க்குக் காக்க எதுவுமில்லை. அது வெறும் டாலர் பந்தயம். ஒதுக்கத்தில் அதற்கென நின்ற தொகை, ஆர்டர் இனி வராது என்று தெரிந்த அன்றே லாப நட்டத்துக்கு வந்தாகவேண்டும்.